உங்களுக்குத் தெரியுமா? முத்தில் பத்தில் ஒன்று யாருக்கு?

தூத்துக்குடிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில், இராமநாதபுரம் மாவட்ட எல்லையை ஒட்டி இருக்கிறது வேம்பார். பரதவரின் பழைய ஏழு கடல்துறைகளில் ஒன்று. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளை நான்கு கூட்டமாகப் பிரித்ததில் ஒரு கூட்டத்துக்கு இந்த ஊரின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். நல்லதண்ணித் தீவு, உப்புத்தண்ணித் தீவு, புலுவினிச்சல்லித் தீவு மூன்றும் அதில் அடக்கம். கோயில், பள்ளிவாசல், மாதா கோயில், பனங்காடு எல்லாம் கூப்பிடு தூரத்தில் இருக்கிற கடற்கரை இது. சம்பாதித்ததில் எவ்வளவைக் கொடுக்க வேண்டும் என்று ஒவ்வொரு மதமும் கணக்குச் சொல்கிறது. அந்தக் கணக்குகள் பெரும்பாலும் வயலையும் மந்தையையும் மனதில் வைத்து எழுதப்பட்டவை. உழாமல், விதைக்காமல், ஒரே முழுக்கில் முத்து எடுக்கிறவனிடம் அவை என்ன கேட்டன?

அரசனுக்குப் பத்தில் ஒன்று, மந்திரக்காரருக்கு இருபதில் ஒன்று

13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, முத்துக்குளிப்பின் பங்குக் கணக்கை எழுதி வைத்திருக்கிறார். வணிகர்கள் கூட்டாகச் சேர்ந்து கப்பலும் சிறு படகுகளும் அமர்த்துவார்கள். மூழ்குகிறவர்களைப் பருவத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசி அழைத்துப் போவார்கள். ஏப்ரலில் தொடங்கி மே நடுப்பகுதி வரை வேலை நடக்கும். கிடைத்த முத்தில் பத்தில் ஒன்று அரசனுக்கு. இருபதில் ஒன்று, சுறாவின் வாயைக் கட்டுகிறவர்களுக்கு.

ஆயிரம் முத்து கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அரசனுக்கு 100, மந்திரக்காரருக்கு 50, வணிகருக்கு 850. மூழ்கியவனுக்கு? அவனுடையது கூலி. முத்தின் பங்குக் கணக்கில் அவன் பெயரே இல்லை. தசமபாகம் என்றாலே ஏழைக்குப் போகும் பங்கு என்று நினைக்கிறோம். இந்தக் கடலில் நமக்குத் தெரிந்த பழைய பத்தில் ஒன்று மேலே போனது, கீழே வரவில்லை.

மந்திரக்காரர்களைப் பற்றி போலோ சொல்லும் இன்னொரு செய்தி சுவையானது. அவர்கள் போடும் கட்டு பகலுக்கு மட்டும்தான். அந்தி சாய்ந்ததும் கட்டை அவிழ்த்துவிடுவார்கள், சுறா தன் இஷ்டத்துக்குத் திரியலாம். இரவில் யாரும் திருட்டுத்தனமாக முழுகிவிடக் கூடாதே! இருபதில் ஒரு பங்கு வெறும் மந்திரத்துக்கு மட்டும் கொடுத்த காணிக்கை அல்ல, முத்துப்பாருக்குப் போட்ட காவல் கூலியும் அதில் சேர்ந்திருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

கடல்கட்டி எந்த மதம்?

சுறாவைக் கட்டுகிறவருக்குக் கடல்கட்டி என்று பெயர். பரம்பரைத் தொழில். எமர்சன் டென்னன்ட் 1859இல் இலங்கையைப் பற்றி எழுதிய நூலில், அப்போதைய கடல்கட்டிக் குடும்பத்தின் தலைவர் ஒரு ரோமன் கத்தோலிக்கர் என்று குறித்திருக்கிறார். அவர் எந்த மதத்தவர் என்பதை மூழ்குகிறவர்கள் பொருட்படுத்தவே இல்லையாம். கடல்கட்டி கரையில் இல்லாவிட்டால் கடலில் இறங்க மாட்டார்கள், அவ்வளவுதான். பிராமணர் செய்ததாகப் போலோ எழுதிய வேலையை ஐந்தரை நூற்றாண்டு கழித்து ஞானஸ்நானம் பெற்றவர் பார்த்திருக்கிறார். கொடுக்கிறவர் பெறுகிறவர் இருவரின் மதமும் மாறியது, வேலை மாறவில்லை.

ராணியின் செருப்புக் காசில் வேதம் படித்த பிள்ளைகள்

பரதவர்கள் கத்தோலிக்கத்தைத் தழுவியது 1530களின் நடுவில். பிரான்சிஸ் சவேரியார் இந்தக் கரைக்கு வந்தது 1542இல். ஊர் ஊராகப் போய் ஞானஸ்நானம் கொடுத்தவர், அவர் அடுத்த ஊருக்குப் போனபின் பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டுமே என்று கணக்கப்பிள்ளைகளை நியமித்தார். இன்றைய உபதேசியார் வேலைதான். அவர்களுக்குச் சம்பளம் எங்கிருந்து வரும்?

முத்துக்குளித்துறை மக்கள் போர்ச்சுக்கல் ராணிக்கு ஆண்டுக்கு 4,000 பொற்பணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். ராணியின் காலணிச் செலவுக்கு என்று அதற்கு ஒரு பெயர். சவேரியார் ராணி கத்தரீனாவுக்கு எழுதி, அந்தப் பணத்தைக் கணக்கப்பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுக்கும்படி கேட்டார். இந்தக் கரைப் பிள்ளைகளின் ஞானத்தைவிட நல்ல செருப்பு ராணிக்கு மோட்சம் ஏறக் கிடைக்காது என்கிற பொருளில் அவர் எழுதியதாகச் சொல்வார்கள். ராணி சம்மதித்தார்.

இதை ராணியின் தயாளம் என்று புத்தகங்கள் பாராட்டுகின்றன. கொஞ்சம் நிறுத்தி யோசித்தால், அந்த 4,000 பணமும் இந்தக் கடலில் மூச்சடக்கியவர்கள் கட்டியதுதான். லிஸ்பனுக்குப் போக வேண்டியது கரையிலேயே தங்கியது. தர்மக் கணக்கில் யார் பெயரை எழுதுவது என்பதில் பழைய நூல்களோடு எனக்கு உடன்பாடில்லை.

திருச்சபைக்கும் ஒரு பங்கு

1563 முதல் 1581 வரை கீழைநாடுகளில் சுற்றிய வெனிஸ் வணிகர் சீசர் ஃபிரெடெரிக் இந்தக் கரையின் முத்துக்குளிப்பை நேரில் கண்டு எழுதினார். விருப்பப்பட்டவர் யாரும் குளிக்கலாம். போர்ச்சுக்கல் அரசனுக்கு ஒரு வரி, கரையோரத்தில் உள்ள இயேசு சபைக் கோயில்களுக்கு ஒரு வரி. போலோ காலத்தில் அரசனும் மந்திரக்காரரும் நின்ற இடத்தில், இப்போது அரசனும் கோயிலும்.

கோயிலுக்குப் போன பணம் எல்லாம் பீடத்துக்கும் மெழுகுவத்திக்கும் போய்விடவில்லை. சவேரியாருக்குப் பின் வந்த அண்ட்ரிக் அடிகளார் (ஹென்றிக்கே ஹென்றிக்கஸ்) புன்னைக்காயலில் நோயாளிகளுக்கு ஒரு மருத்துவமனை நடத்தினார். அவருடைய ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்தில் அச்சானது. தமிழ் எழுத்தில் அச்சான பழைய புத்தகங்களில் முதல் வரிசையில் வருவது அது. அச்சுச் செலவுக்குக் கைகொடுத்தவர்கள் இந்தக் கரைப் பரதவர்கள். தமிழ் அச்சு வரலாற்றை எழுதுகிறவர்கள் அடிகளாரின் பெயரோடு நிறுத்திக்கொள்கிறார்கள். முழுகியவர்களுக்கும் அதில் ஓர் இடம் உண்டு.

வரியில்லாக் கல்

முத்துக்குளிப்பில் வரி போடப் படகைவிட வசதியான அளவு ‘கல்’. மூழ்குகிறவன் கடலடிக்கு விரைந்து இறங்கக் காலில் மாட்டிக்கொள்ளும் கருங்கல் அது. டச்சுக்காரர் காலத்தில் ஒரு கல்லுக்கு இவ்வளவு என்று வரி. கத்தோலிக்கர் கல், முஸ்லிம் கல், இந்து கல் என்று தனித்தனியே எண்ணினார்கள், விகிதமும் ஆளுக்கு ஆள் மாறியது. மதுரை நாயக்கருக்கும் இராமநாதபுரம் சேதுபதிக்கும் இத்தனை கல் வரியில்லாமல் இறக்கலாம் என்று மானியம் இருந்தது. பரதவர் தலைவர்களான பட்டங்கட்டிகளுக்கும் இருந்தது. கோயில்களும் அந்தச் சலுகையில் இடம் கேட்டன.

மானியக் கல்லில் ஒரு நுணுக்கம் உண்டு. கோயிலுக்கு இத்தனை முத்து என்றால் கடல் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் கட்ட வேண்டும். இத்தனை கல் என்றால், சிப்பி கிடைத்தால் சாமிக்குண்டு, கிடைக்காவிட்டால் சாமிக்கும் இல்லை. மன்னார் வளைகுடாவில் பல வருடம் தொடர்ந்து சிப்பியே பாரில் இல்லாமல் போவதுண்டு. அப்படிப்பட்ட கடலுக்கு ஏற்ற முறை இதுதான்.

கத்தோலிக்கருக்குப் பத்து சதவீதம் கட்டாயமா?

இல்லை. 1983இல் வந்த திருச்சபைச் சட்டத்தின் 222ஆம் பிரிவு, வழிபாடு, அறப்பணி, ஊழியர் பராமரிப்பு ஆகியவற்றுக்கு உதவுவது விசுவாசிகளின் கடமை என்கிறது. ஏழைகளுக்குத் தன் வருமானத்திலிருந்து உதவவும் சொல்கிறது. எத்தனை சதவீதம் என்ற பேச்சே அதில் கிடையாது. ஐரோப்பாவில் ஒரு காலத்தில் இருந்தது. 779இல் சார்லமேன் சட்டமாக்கினார், பிரான்சில் 1789 புரட்சியோடு ஒழிந்தது. இன்று பத்தில் ஒன்றை அழுத்திச் சொல்பவை பெரும்பாலும் பெந்தெகொஸ்தே சபைகள்.

ஆனால் தென்கடற்கரையில் சட்டப்புத்தகத்தில் இல்லாத ஒரு சதவீதம் நெடுநாள் இருந்தது. மடியில் விழுந்த மீனில் கோயிலுக்கு ஒரு பங்கு. குத்தகை என்பார்கள், தெறிப்பு என்றும் சொல்வார்கள். கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை ஊர்களில் இது நன்றாகப் பதிவாகியிருக்கிறது. அது வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

பங்கை ஒவ்வொரு படகிடமும் கோயிலே வசூலிப்பதில்லை. வருடத்துக்கு ஒருமுறை வசூல் உரிமையை ஏலம் விடுவார்கள். ஏலம் எடுத்தவர் கோயிலுக்கு மொத்தத் தொகையைக் கட்டிவிட்டு, கரையில் நின்று ஒவ்வொரு விற்பனையிலும் தன் பங்கைப் பிரித்துக்கொள்வார். நூற்றுக்கு ஐந்து என்று வைத்துக்கொண்டால், 10,000 ரூபாய்க்கு மீன் விற்றவர் 500 ரூபாயை விட்டுவிட்டு நடப்பார். மீன் பட்டாலும் படாவிட்டாலும் கோயிலுக்குப் பணம் உறுதி. நட்டமோ லாபமோ குத்தகைக்காரர் தலையில்.

இதில் கோளாறு வரும் இடங்கள் இரண்டு. முதலாவது, பங்கு விற்பனைத் தொகையில் எடுக்கப்படுகிறது, லாபத்தில் அல்ல. கட்டுமரத்தில் போனவனுக்குச் செலவு குறைவு, 10,000இல் 500 போனாலும் தாங்கும். டீசலுக்கும் ஐஸுக்கும் 8,000 போட்டுக் கடலுக்குப் போன படகுக்காரருக்கு மிச்சமே 2,000தான். அதில் 500 என்றால் அது நூற்றுக்கு ஐந்து அல்ல, நாலில் ஒன்று. ஒரே விகிதம், இரண்டு சுமை. இரண்டாவது, போட்ட பணத்தை எடுத்தாக வேண்டிய குத்தகைக்காரரின் அவசரம். பக்திக்காகக் கொடுத்தது கடன் வசூல் மாதிரி ஆகிவிடும். மீனை வேறு கரையில் இறக்கிவிட்டு வருகிறவர்கள் கூடினால், முறை தள்ளாடுகிறது என்று தெரிந்துகொள்ளலாம். பல ஊர்கள் இதைக் கைவிட்டுத் தலைக்கட்டு வரிக்கு மாறியது வெறும் நாகரிகத்தால் அல்ல.

முத்துக்கு ஜகாத் உண்டா?

முஸ்லிம் சட்ட அறிஞர்கள் ஆயிரம் வருடத்துக்கு மேலாக விவாதித்த கேள்வி இது. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் முத்து வணிகம் செய்தவர்களுக்கு ஏட்டுக் கேள்வியும் அல்ல.

சுன்னி மத்ஹபுகளில் பெரும்பான்மைக் கருத்து, கடலிலிருந்து எடுத்த முத்துக்கு ஜகாத் இல்லை என்பது. நபித்தோழர் இப்னு அப்பாஸ் அம்பரைப் பற்றிச் சொன்னதை ஆதாரம் காட்டுவார்கள். கடல் வெளியே தள்ளிய பொருளுக்கு ஜகாத் எப்படி என்பது அவர் வாதம். மறுபக்கம், கலீபா ஹாரூன் ரஷீதின் தலைமை நீதிபதியாக இருந்த அபூ யூசுஃப், கடலில் கிடைக்கும் அணிகலப் பொருளிலும் அம்பரிலும் ஐந்தில் ஒரு பங்கு எடுக்கலாம் என்றார். அவருடைய ஆசான் இமாம் அபூ ஹனீஃபா எதுவும் இல்லை என்றவர். ஷியா சட்டத்தில் விவாதமே இல்லை. முழுகி எடுத்த முத்து, பவளம் எல்லாவற்றுக்கும் குமுஸ், அதாவது ஐந்தில் ஒன்று உண்டு. செலவைக் கழித்து, மதிப்பு ஒரு குறைந்த அளவைத் தொட்டிருக்க வேண்டும். அந்த அளவு ஏறக்குறைய மூன்றரை கிராம் பொன்னின் விலை.

விவசாயத்தோடு ஒப்பிட்டால் இதன் தர்க்கம் புரியும். மழையில் விளைந்ததற்குப் பத்தில் ஒன்று. கிணறு இறைத்து விளைவித்ததற்கு இருபதில் ஒன்று. புதையலுக்கு ஐந்தில் ஒன்று. உழைப்பும் செலவும் ஏற ஏறக் கொடுக்க வேண்டிய பங்கு இறங்குகிறது. அப்படியானால் முத்து எது? புதையலா, பாடுபட்ட கூலியா? புதையலைப் போலத் தற்செயலாகக் கிடைப்பது என்று பார்த்தால் ஐந்தில் ஒன்று. உயிரைப் பணயம் வைத்த உழைப்பு என்று பார்த்தால் ஒன்றுமில்லை. ஆழத்தில் மூச்சடக்கிப் பார்த்திராதவர்கள்தான் அதைப் புதையலோடு சேர்ப்பார்கள் என்பது என் எண்ணம்.

சரி, முழுகியவனுக்கு ஜகாத் இல்லை. வாங்கி விற்கிற வியாபாரிக்கு? அவருக்கு உண்டு. அங்கே முத்து, கடல் கொடுத்த பொருள் அல்ல, கடைச் சரக்கு. ஒரு சந்திர ஆண்டு முடிவில் சரக்கின் அன்றைய சந்தை விலையைப் போட்டு, கைப்பணத்தோடு கூட்டி, மொத்தம் 85 கிராம் தங்கத்தின் மதிப்பைத் தொட்டால் நாற்பதில் ஒன்று, அதாவது இரண்டரை சதவீதம் கொடுக்க வேண்டும்.

ஒரு வியாபாரியிடம் 10 லட்ச ரூபாய்ச் சரக்கு, 2 லட்சம் ரொக்கம், 4 லட்சம் கடன் என்று வைத்துக்கொள்வோம். ஹனஃபி மத்ஹபில் கடனைக் கழித்து 8 லட்சத்துக்கு 20,000 ரூபாய். காயல்பட்டினத்தார் பெரும்பாலும் ஷாஃபி மத்ஹபைப் பின்பற்றுகிறவர்கள். அதில் வலுவான கருத்துப்படி கடன் ஜகாத்தைத் தடுக்காது. 12 லட்சத்துக்கும் சேர்த்து 30,000. ஒரே தெருவில் ஒரே அளவு வியாபாரம் செய்கிற இரண்டு பேர் இரண்டு தொகை கொடுத்தால் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை.

அதே வியாபாரியின் மனைவி கழுத்தில் போட்டிருக்கும் முத்துமாலைக்கு எந்த மத்ஹபிலும் ஜகாத் கிடையாது. பெட்டிக்குள் சரக்காக இருந்தால் உண்டு, கழுத்துக்குப் போனால் இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஜகாத்தைப் பெறத் தகுதியான எட்டு வகையினரைக் குர்ஆனின் ஒன்பதாம் அத்தியாயம் 60ஆம் வசனம் வகுத்திருக்கிறது. ஏழை, வறியவர், கடனில் மூழ்கியவர், வழிப்போக்கர் முதலானோர் அதில் வருகிறார்கள். தன் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் அதைக் கொடுக்க முடியாது, அவர்களைப் பார்த்துக்கொள்வது ஏற்கெனவே கடமை. பள்ளிவாசல் கட்டவும் அதை எடுக்கக் கூடாது என்பது பெரும்பான்மைக் கருத்து. அதற்குத் தனி நன்கொடைதான். கடற்கரைக் கோயில் பங்கோடு ஒப்பிட்டால் இது பெரிய வித்தியாசம். அங்கே பங்கு முதலில் கோயிலுக்குப் போய் அங்கிருந்து ஏழைக்கு வரும், வந்தால். இங்கே கட்டடத்துக்கு வழியே இல்லை.

யூதர்களும் கடலை விட்டுவிட்டார்கள்

தசமபாகத்தின் மூல ஊரான யூத மரபு, மிஷ்னா என்ற சட்டத் தொகுப்பில் மூன்று நிபந்தனை போடுகிறது. பொருள் உணவாக இருக்க வேண்டும், உரியவர் பாதுகாத்ததாக இருக்க வேண்டும், மண்ணில் விளைந்ததாக இருக்க வேண்டும். மீன் மண்ணில் விளையாது. முத்தை உண்ணவும் முடியாது. ஏழாண்டுச் சுற்றில் மூன்றாம் ஆண்டும் ஆறாம் ஆண்டும் ஏழைகளுக்கென்று ஒரு தசமபாகம் உண்டு, அதுவும் நிலத்து விளைச்சலில்தான். வயலின் ஓரத்தை அறுக்காமல் ஏழைக்கு விட வேண்டும், குறைந்தது அறுபதில் ஒரு பங்கு. பணத்தில் பத்தில் ஒன்று கொடுக்கும் வழக்கம் பின்னால் வந்தது. அதற்கும் ஒரு மேல்வரம்பு வைத்தார்கள்: ஐந்தில் ஒன்றுக்கு மேல் தர்மம் செய்யாதே, நாளைக்கு நீயே கையேந்தி நிற்பாய். குறைந்தபட்சம் வைத்த மதங்கள் பல. அதிகபட்சம் வைத்த இந்த நிதானம் எனக்குப் பிடித்திருக்கிறது.

சீக்கியர், பௌத்தர் — இரண்டு வரியில்

சீக்கியரின் தஸ்வந்த், பெயரே சொல்வதுபோல் பத்தில் ஒன்று. அதை ஊர் ஊராக வசூலித்த மசந்துகள் நாளடைவில் தங்கள் பைக்குத் திருப்பியதால், குரு கோவிந்த் சிங் அந்த ஏற்பாட்டையே கலைத்தார். நமது குத்தகைக்காரருக்கு அண்ணன் முறை! புத்தரின் சிகாலோவாத சூத்திரம் இல்லறத்தானின் வருமானத்தை நாலாகப் பிரிக்கிறது. ஒன்று அனுபவிக்க, இரண்டு தொழிலில் போட, ஒன்று ஆபத்துக்குச் சேமிக்க. தானத்துக்கென்று தனிப் பங்கு அதில் இல்லை.

வள்ளுவரின் ஆறாவது பங்கு எங்கே?

இல்லறத்தான் பேண வேண்டியவர்களாக வள்ளுவர் ஐவரைச் சொல்கிறார். மறைந்த முன்னோர், தெய்வம், விருந்தினர், சுற்றத்தார், கடைசியில் தான். ஐந்து என்று ஏன் நிறுத்தினார் என்பதற்குப் பரிமேலழகர் உரையில் விடை இருக்கிறது. வருவாயில் ஆறில் ஒன்று அரசனுக்கு இறையாகப் போய்விடும், மிஞ்சிய ஐந்தும் இந்த ஐவருக்கு.

உரையைக் கணக்காக எழுதிப் பார்த்தால் திகைப்புதான். தனக்கு மிஞ்சுவது ஆறில் ஒன்று. பத்தில் ஒன்று கொடுத்துவிட்டு ஒன்பதை வைத்துக்கொள்ளும் முறைக்கு இது நேர் எதிர். ஆனால் வசூலிக்க ஆளில்லை, ஏலம் இல்லை, ஆண்டுக் கணக்கு இல்லை. விகிதம் கடுமை, கட்டாயம் பூச்சியம்.

கருப்பட்டியும் மகமையும்

வேம்பார் என்றதும் உள்நாட்டுக்காரர்களுக்கு முத்தைவிட முதலில் நினைவு வருவது கருப்பட்டி. பனையும் கடலும் பக்கத்தில் இருந்தாலும் தர்மக் கணக்கு வேறு வேறு. நாடார் வணிகர்களின் மகமை, மதச் சட்டம் எதிலும் இல்லாதது, தாமே தமக்குப் போட்டுக்கொண்டது.

சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை போன்ற ஊர்களில் மாட்டுவண்டிச் சரக்கு இரவில் பத்திரமாகத் தங்கப் பேட்டைகள் அமைத்தார்கள். பேட்டைக்கு வரும் ஒவ்வொரு மூட்டைக்கும் சிறு தொகை. கணக்கு உறவின்முறையிடம் இருக்கும். முதலில் அந்தப் பணம் பேட்டைக் காவலுக்கும் கிணற்றுக்கும் போனது, பிறகு கோயிலுக்கு, பிறகு பள்ளிக்கூடத்துக்கு. விருதுநகரில் 1889இல் தொடங்கிய சத்திரிய வித்யாசாலை அப்படி எழுந்தது. கோயிலுக்குள் விடமாட்டோம் என்றவர்களிடம் போய் நிற்காமல், மூட்டைக்கு மூட்டை சேர்த்துப் பள்ளிக்கூடம் கட்டினார்கள்.

மகமையின் வலு, அது மூட்டையின் மேல் விழுகிறது என்பதில் இருக்கிறது. யார் பணக்காரர், யாருக்கு எவ்வளவு லாபம் என்று ஒருவர் வீட்டுக்குள் எட்டிப்பார்க்க வேண்டியதில்லை. நூறு மூட்டை கொண்டுவந்தவர் நூறு மடங்கு கொடுத்துவிடுவார். முறையும் புதிதல்ல. சிங்கம்புணரிக்குப் பக்கத்துப் பிரான்மலையில் 13ஆம் நூற்றாண்டு வணிகர் கல்வெட்டு ஒன்று உண்டு. உப்பு, மிளகு, பாக்கு என்று சரக்குச் சரக்காகப் பட்டியல் போட்டு, பொதிக்கு இவ்வளவு கோயிலுக்கு என்று அதில் வெட்டி வைத்திருக்கிறார்கள்.

ஒரே குவியல், மூன்று கணக்கு

1905ஐ ஒட்டிய ஆண்டுகளில் இலங்கை மன்னார்க் கரையில் பெரிய முத்துக்குளிப்புகள் நடந்தன. தூத்துக்குடிப் பக்கத்துப் பரதவரும், கீழக்கரை முஸ்லிம்களும், பாரசீக வளைகுடா அரபிகளும் ஒரே பாரில் முழுகினார்கள். படகு கரை சேர்ந்ததும் சிப்பியைக் கொட்டு என்ற அடைப்புக்குள் கொண்டுபோய், மூழ்கியவர்களே மூன்று குவியலாகப் பிரிக்க வேண்டும். எந்தக் குவியல் அவர்களுக்கு என்பதை அதிகாரி சொல்வார். மற்ற இரண்டும் அரசுக்கு. எது தனக்கு வரும் என்று தெரியாததால் பிரிக்கிறவர் மூன்றையும் சமமாகத்தான் போடுவார். போலோ காலத்தில் பத்தில் ஒன்றாக இருந்த அரசாங்கப் பங்கு, மூன்றில் இரண்டு ஆகியிருந்தது. ஆனால் மூழ்கியவனுக்குக் கூலிக்குப் பதில் பங்கு கிடைத்தது.

மூன்று பேர் தங்கள் பங்கை வெளியே எடுத்து வருவதாக வைத்துக்கொள்வோம். படகுக்காரர், கயிறு பிடித்தவர் பங்கு போக ஆளுக்கு நூறு சிப்பி. மூவரும் திறக்காமலே கரையில் விற்று, செலவு போக ஒரே தொகை கையில் வாங்குகிறார்கள். பரதவர் ஊர் திரும்பி மாதா கோயிலுக்கு ஊர்க்கட்டுப்பாட்டுப்படி உள்ளதைச் செலுத்துவார், மேற்கொண்டு நேர்ச்சை இருந்தால் அவர் மனம். கீழக்கரை ஷாஃபிக்காரர் அன்று ஒன்றும் கொடுக்க வேண்டாம். அது அவர் வாங்கி விற்ற சரக்கும் அல்ல. அந்தப் பணம் ஓர் ஆண்டு அவர் கையில் நின்று உரிய அளவைத் தொட்டால்தான் நாற்பதில் ஒன்று. பஹ்ரைனிலிருந்து வந்த ஷியாக்காரர், தொகை அந்த மூன்றரை கிராம் பொன்னைத் தாண்டினால், ஐந்தில் ஒன்றை ஒதுக்கிவிட வேண்டும். அதில் பாதி இமாமின் பங்கு, மறுபாதி நபியின் வழிவந்த ஏழைகளுக்கு.

தூத்துக்குடிக் கரையில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961இல்.